தேரியும் கரிசலும்: மண் உரத்தைப் பிடித்துவைக்கும் கணக்கு

தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கில், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில், கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல் காடு விரிந்திருக்கிறது. அதே மாவட்டத்தின் தெற்கில், சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே, காற்று குவித்த செக்கச்சிவந்த தேரி மணல் மேடுகளில் பனையும் முந்திரியும் நிற்கின்றன. இரண்டு நிலத்திலும் ஒரே நாளில், ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா என்ற ஒரே அளவில் இட்டாலும், ஒரு நல்ல மழைக்குப் பிறகு அந்த உரம் இருக்கும் இடம் ஒன்றாக இராது. இந்த வேறுபாட்டை முடிவுசெய்வது நேரயனிப் பரிமாற்றத் திறன் என்னும் ஒரு பண்பு, அதாவது நேர்மின்னேற்றம் கொண்ட சத்துகளை மண் பிடித்துவைத்து, வேறொன்றுக்கு ஈடாக விடும் திறன். விவசாயியின் கையில் இருக்கும் மண்வள அட்டையில் கார அமில நிலை, மின்கடத்துத் திறன், அங்ககக் கரிமம், பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் என்று பன்னிரண்டு அளவுகள் உண்டு. இந்தப் பண்புக்கு மட்டும் அதில் இடமில்லை. ஆனால் மண்ணின் நயமும் அங்ககக் கரிமமும் தெரிந்திருந்தால், அதை ஒருவர் தாளில் போட்டுப் பார்த்தே நெருக்கமாக மதிப்பிட்டுவிடலாம்.

மண்ணுக்கு இப்படி ஒரு பிடிப்பு இருக்கிறது என்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த நிலக்கிழார் எச். எஸ். தாம்சன். எருக்குழிச் சாற்றிலுள்ள அம்மோனியா மழையில் வீணாகிறதா என்பதை அறிய, அவர் மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்ஃபேட்டை ஊற்றி, அதன்மேல் தண்ணீர் விட்டார். அடியில் வடிந்து வந்ததில் பெரும்பகுதி அம்மோனியம் சல்ஃபேட் அல்ல, கால்சியம் சல்ஃபேட். அதாவது சல்ஃபேட் தடையின்றிக் கடந்து போயிற்று. அம்மோனியத்தை மண் தன்னிடம் நிறுத்திக்கொண்டு, அதற்கு ஈடாகக் கால்சியத்தை வெளியே அனுப்பியது. 1850இல் ஜே. தாமஸ் வே என்ற வேதியியலாளர் இதை விரிவாக ஆராய்ந்து, இந்த வேலையைச் செய்வது மண்ணிலுள்ள களியே என்று காட்டினார். ஒருமுறை பிடித்ததை மண் திரும்ப விடாது என்று அவர் கருதியது மட்டும் தவறாயிற்று. பிடித்ததை விடுவதால்தான் அது பரிமாற்றம். விடாமலே இருந்திருந்தால் பயிருக்கு அதனால் ஒரு பயனும் விளைந்திராது.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள மண் துகள்களின் அளவிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை உள்ளது மணல், அங்கிருந்து 0.002 மில்லிமீட்டர் வரை உள்ளது வண்டல். அதற்கும் நுண்ணியது களி. இந்த மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதையே மண் நயம் என்கிறோம். (குளத்திலிருந்து அள்ளும் மண்ணையும் நாம் வண்டல் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது இந்த மூன்றும் கலந்த மண். குழப்பம் வராமலிருக்க இந்தக் கட்டுரையில் அதைக் கரம்பை என்றே குறிப்பிடுகிறேன்.) மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அது சிறு பாறைத் துண்டு, அதன் பரப்பில் மின்னேற்றம் இல்லை என்றே கொள்ளலாம். களி அப்படியல்ல. அது மணலின் பொடி என்று நினைப்பது பரவலான தவறு. களி என்பது ஏடு ஏடாக அடுக்கப்பட்ட வேறொரு கனிமம். அந்த ஏடுகளில் சிலிக்கன் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியமும், அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் மெக்னீசியமும் அமர்ந்துவிடுவதால் நேர்மின்னேற்றத்தில் குறைவு ஏற்பட்டு, ஏடு முழுவதும் நிலையான எதிர்மின்னேற்றத்துடன் இருக்கிறது. அந்த எதிர்மின் இடங்களைச் சுற்றி கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம், சோடியம் ஆகிய நேரயனிகள் ஒட்டி நிற்கின்றன. வேர் ஹைட்ரஜன் அயனியை வெளியிட்டு, அதற்கு ஈடாக இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

களியிலும் இனம் உண்டு; நயத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட் களியில் ஏடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் தண்ணீர் உள்ளே புகுவதில்லை. மின்னேற்றம் பெரும்பாலும் உடைந்த ஓரங்களில் மட்டுமே கிடைக்கிறது. கரிசலில் மிகுந்திருக்கும் ஸ்மெக்டைட் களியில் ஏடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து அவற்றை விலக்குகிறது. அப்போது உட்பரப்பு முழுவதும் திறந்துகொள்கிறது. ஒரு கிராம் கயோலினைட்டின் பரப்பு சுமார் 5 முதல் 30 சதுர மீட்டர் என்றால், ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் பரப்பு 600 முதல் 800 சதுர மீட்டர். கரிசல் மழையில் உப்பி, வெயிலில் வெடிப்பதற்கும், அது உரத்தைப் பிடித்துவைப்பதற்கும் காரணம் இந்த ஒரே அமைப்புதான். எனவே கோடை வெடிப்பின் அகலமும் ஆழமும், ஆய்வகத்துக்குப் போகாமலே கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம்.

இந்தத் திறனை, ஒரு கிலோ மண் எத்தனை சென்டிமோல் மின்னேற்றத்தைத் தாங்கும் என்ற கணக்கில் அளக்கிறார்கள். இனி அதை அலகு என்று மட்டும் சொல்கிறேன். கயோலினைட் களி மட்டுமே இருந்தால் 3 முதல் 15 அலகு; ஸ்மெக்டைட் மட்டுமே இருந்தால் 80 முதல் 120 அலகு. மட்கு, அதாவது இலை தழையும் எருவும் சிதைந்து நிலைபெற்ற கரிமப் பொருள், நடுநிலை மண்ணில் 200 அலகை ஒட்டி நிற்கிறது. மட்கின் மின்னேற்றம் ஏட்டுக்குள் நிலையாக இருப்பதன்று. அதிலுள்ள அமிலத் தொகுதிகள் ஹைட்ரஜனை இழப்பதால் வருவது. மண் அமிலமானால் அந்த ஹைட்ரஜன் விலகாது, மின்னேற்றமும் குறையும்.

இப்போது இரு நிலங்களுக்கும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, தேரி மண்ணில் களி 5 சதவீதம், அங்ககக் கரிமம் 0.15 சதவீதம் என்று கொள்வோம். அங்ககக் கரிமத்தை 1.724ஆல் பெருக்கினால் கரிமப் பொருள் கிடைக்கும். இங்கே அது சுமார் 0.26 சதவீதம். களி கயோலினைட் வகையினது, அதன் திறன் 10 அலகு என்றால், 5 சதவீதக் களி தருவது 0.5 அலகு, 0.26 சதவீத மட்கு தருவது இன்னொரு 0.5 அலகு. ஆக மொத்தம் 1 அலகு. கரிசலில் களி 55 சதவீதம், அங்ககக் கரிமம் 0.4 சதவீதம் என்று கொள்வோம். களியில் ஸ்மெக்டைட்டோடு வேறு இனங்களும் கலந்திருப்பதால் 70 அலகு என்று எடுத்துக்கொண்டால், களியிலிருந்து மட்டும் 38.5 அலகு கிடைக்கிறது, மட்கிலிருந்து 1.4 அலகு. மொத்தம் ஏறக்குறைய 40.

நாற்பது மடங்கு வேறுபாடு என்பது ஒரு புறமிருக்க, இந்தக் கணக்கில் என் கவனத்தை ஈர்ப்பது மட்கின் பங்கு. தேரியில் பிடிப்பின் பாதி மட்கிலிருந்து வருகிறது. கரிசலில் அது இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. எரு இட்டால் உரம் பிடிக்கும் திறன் கூடும் என்ற அறிவுரை தேரியில் நேரான பொருளில் உண்மை. கரிசலில் எரு இடுவதற்கான காரணம் வேறு. அங்கே அது மண்ணின் கட்டுமானத்தைத் தளர்த்தும், நுண்ணுயிர்களுக்கு உணவாகும், தழைச்சத்தைத் தரும். ஆனால் பரிமாற்றத் திறனில் அதன் தடயம் தெரியாது.

இந்த அலகை உர மூட்டையாக மாற்றினால் பொருள் இன்னும் தெளிவாகும். ஒரு ஏக்கரின் மேல்மண், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சுமார் 8 லட்சம் கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். 1 அலகுத் திறன் முழுவதையும் அம்மோனியமே நிரப்புமானால், அந்த 8 லட்சம் கிலோ மண்ணில் 112 கிலோ தழைச்சத்து நிற்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது சுமார் 20.7 கிலோ தழைச்சத்து. அதாவது ஒரு மூட்டை யூரியா முழுவதும் அம்மோனியமாக மாறினால், அது தேரியின் மொத்த இருக்கைகளில், அதாவது அயனிகள் ஒட்டி நிற்கும் எதிர்மின் இடங்களில், ஐந்தில் ஒரு பங்கை நிரப்ப வேண்டும். கரிசலில் அரை சதவீதத்தைக்கூட நிரப்பாது. ஏற்கெனவே அந்த இருக்கைகளில் கால்சியமும் மெக்னீசியமும் அமர்ந்திருக்கின்றன. இரண்டு மின்னேற்றம் கொண்ட அவை அம்மோனியத்தைவிட வலுவாக ஒட்டுபவை. ஆகவே தேரியில் அம்மோனியத்தின் ஒரு பகுதி இடம் கிடைக்காமல் மண் நீரிலேயே நிற்கும். அடுத்த மழை அதைக் கீழே கொண்டுபோகும். பொட்டாஷுக்கும் இதே கதைதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை வேண்டும். பரிமாற்றத் திறன் அதிகமுள்ள மண் எல்லாத் தழைச்சத்தையும் காத்துவிடும் என்று எண்ணக் கூடாது. யூரியா மூலக்கூறுக்கு மின்னேற்றமே இல்லை; அது யூரியேஸ் நொதியால் சிதைந்து அம்மோனியமாகும் வரை, அதாவது முதல் சில நாள்கள், எந்த மண்ணும் அதை மின்னேற்றத்தால் பிடிப்பதில்லை. அம்மோனியமான பிறகு பாக்டீரியாக்கள் அதைச் சில வாரங்களில் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் எதிரயனி, அதைக் களி விலக்கவே செய்யும். ஆக, பரிமாற்றத் திறன் காப்பது இந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட காலத்தை மட்டுமே. கரிசலில் நைட்ரேட் மெதுவாக இறங்குவதற்குக் காரணம் மின்னேற்றம் அல்ல. நுண்துளைகளில் தண்ணீர் மெதுவாக நகர்வதுதான். அங்கே இழப்பு வேறு வழியில் நடக்கிறது: சுண்ணாம்பு மிகுந்து, கார அமில நிலை 8ஐத் தாண்டிய கரிசலின் மேல் யூரியாவைத் தூவி அப்படியே விட்டால், அம்மோனியம் களியைத் தொடுவதற்கு முன்பே அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். மண்ணுக்குள் கிளறி மூடினால்தான் 40 அலகுத் திறனுக்கு வேலை கிடைக்கும். மணிச்சத்தும் எதிரயனி வடிவில் இருப்பதால் அது இந்தக் கணக்கில் சேராது. அதைக் கட்டிவைப்பவை சுண்ணாம்பும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும்.

நடைமுறையில் இதிலிருந்து வரும் முடிவு எளியது. தேரியில் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் பல தவணைகளாகப் பிரித்து, முடிந்தால் சொட்டுநீரோடு சேர்த்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் மொத்தமாக இடுவது வீண். கரிசலில் சாம்பல்சத்து முழுவதையும் அடியுரமாக இடுவதால் இழப்பு நேராது. ஆனால் அதே பிடிப்புக்கு மறுபக்கமும் உண்டு. கரிசலில் சத்து குறைந்துவிட்டால் அதைச் சீர்செய்ய ஒரு மூட்டை போதாது, ஏனெனில் இட்டதில் பெரும்பகுதியைக் களி இழுத்துக்கொள்ளும். மண் நீரில் செறிவு சிறிதே உயரும். தேரியோ சிறிதளவு உரத்துக்கும் உடனே பசுமை காட்டும், சில வாரங்களில் மீண்டும் வெளிறும். இந்த விரைந்த ஏற்றமும் விரைந்த இறக்கமும் குறைந்த பரிமாற்றத் திறனைப் பயிரே காட்டும் அடையாளம்.

தேரியின் திறனை உயர்த்த முடியுமா? எருவிலிருந்து தொடங்குவோம். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது வழக்கமான பரிந்துரை. அதில் பாதி ஈரம், எஞ்சிய 2.5 டன்னில் பாதியளவு மண்ணும் சாம்பலும் என்று கொண்டால், கரிமப் பொருள் 1.25 டன். வெப்ப நாட்டில் ஓராண்டுக்குப் பிறகு அதில் நிலைத்து நிற்பது கால் பங்கு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 300 கிலோவைத்தான் எட்டும். மேல்மண்ணின் மட்கை 1 சதவீதம் உயர்த்த வேண்டுமானால் 8,000 கிலோ தேவை. ஏற்கெனவே சேர்ந்ததும் ஒவ்வோர் ஆண்டும் சிதைந்துகொண்டே இருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்காமலே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் இட்டு வருகிறார்கள். அங்கே கரிமம் எருவிடாத பாத்தியைவிட இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது, ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அது குளிர்ந்த நாடு, அந்த மண்ணில் களியும் உண்டு. தேரியின் வெயிலில், களியின் பாதுகாப்பில்லாத மணலில், மட்கு அதைவிட விரைவாகக் கரையும். எனவே தேரியில் எரு என்பது ஒருமுறை செய்யும் முதலீடு அல்ல. ஆண்டுதோறும் செய்யும் செலவு. அதை நிறுத்தினால் பெற்றதும் போய்விடும்.

களியை அப்படியே கொண்டுவந்து சேர்ப்பது வேறு வகை. கண்மாய்க் கரம்பையை மணற்பாங்கான நிலத்தில் அடிக்கும் பழக்கம் நம்மிடம் பழையது; அதன் வேதிக் கணக்கு எருவைவிடச் சாதகமாக இருக்கிறது. ஒரு லோடு 3 டன் என்று வைத்து, ஏக்கருக்கு 25 லோடு அடித்தால் 75 டன். அதில் பாதி களி என்றால் 37.5 டன், அது 800 டன் மேல்மண்ணில் சுமார் 4.7 சதவீதம். கரிசல் நீர்ப்பிடிப்பிலிருந்து வந்த கரம்பையாக இருந்து, களியின் திறன் 60 அலகு என்றால், நிலத்துக்குக் கிடைப்பது 2.8 அலகு. ஒரு அலகிலிருந்து ஏறக்குறைய நான்கு அலகு. களி சிதைவதில்லை, மட்கையும் தன்னோடு பிணைத்துக் காக்கிறது, தண்ணீரையும் நிறுத்துகிறது. வண்டிச் செலவு பெரிதுதான், ஆனால் பத்தாண்டுக்கு மேல் நிற்கும் பலனைப் பார்த்தால், தேரி ஓரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு முதலில் கரம்பை, பிறகு எரு என்ற வரிசையையே நான் சொல்வேன்.

அதே 25 லோடு, செம்மண் நீர்ப்பிடிப்புக் குளத்திலிருந்து வந்திருந்தால் கதை மாறுகிறது. களி கயோலினைட் வகை, 10 அலகு, கிடைப்பது 0.47 அலகு மட்டுமே. வண்டி வாடகை ஒன்று, பலன் ஆறில் ஒரு பங்கு. இன்னொரு ஆபத்து சோடியம். பரிமாற்றத் திறன் என்பது இருக்கைகளின் எண்ணிக்கை. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அது சொல்வதில்லை. இருக்கைகளில் 15 சதவீதத்துக்கு மேல் சோடியம் இருந்தால் களித் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிப் பிரிந்து, துளைகளை அடைத்து, மண் ஈரத்தில் சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் ஆகும். அத்தகைய களர்க் கரம்பையை நிலத்தில் கொட்டினால் இருந்த மணலும் கெடும்.

ஆய்வக அளவீட்டிலும் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. வழக்கமான முறையில், கார அமில நிலை 7இல் வைத்த அம்மோனியம் அசிடேட் கரைசலால் மண்ணைக் கழுவி, அம்மோனியத்தால் எல்லா இருக்கைகளையும் நிரப்பி, பிறகு அந்த அம்மோனியத்தை வெளியேற்றி அளக்கிறார்கள். இதற்குப் பதிலாக, முதலில் வெளியேறிய கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றைக் கூட்டி அதையே திறன் என்று அறிக்கையில் எழுதுவதும் உண்டு. சுண்ணாம்புக் கற்கள் கலந்த கரிசலில் இது தவறு. கரைசல் சுண்ணாம்பையும் கரைத்துவிடுவதால் கால்சியம் மிகையாகத் தெரியும். களியின் அளவு நடுத்தரமாக இருக்க, அறிக்கையில் திறன் 60, 70 என்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நீலகிரித் தேயிலை நிலத்தில் பிழை வேறு விதமாக வரும்: அங்கே மண் கடும் அமிலம், மட்கு மிகுதி, கார அமில நிலை 7இல் அளக்கும்போது மட்கில் திறக்கும் இருக்கைகள், வயலின் உண்மை நிலையில் மூடியே கிடக்கின்றன. அங்கே தாளில் உள்ள எண் நிலத்தில் இல்லை.

வயலில் செய்து பார்க்கக்கூடியவையும் உண்டு. ஈரமண்ணை விரல்களுக்கிடையே அழுத்தி நாடாவாக நீட்டிப் பார்ப்பது நயத்தை அறியும் பழைய வழி: தேரி மண் நாடாவே ஆகாது, கரிசல் 5 சென்டிமீட்டருக்கு மேல் உடையாமல் நீளும். கண்ணாடிப் புட்டியில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கும், வண்டல் சில மணி நேரம் எடுக்கும், களி நாள்கணக்கில் மிதக்கும். கரிசலை இப்படிச் சோதிக்கும்போது மட்டும் ஒரு தவறு நேரும்: கால்சியம் களியைத் திரளாகக் கட்டிவைத்திருப்பதால் அது வண்டலைப் போல விரைவாக இறங்கி, களி குறைவு என்று காட்டும். ஆய்வகத்தில் சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்ஃபேட் சேர்த்துத் திரளைப் பிரிப்பது இதற்காகவே.

கரம்பை எடுக்கும் முன் கண்மாயின் நாலைந்து இடங்களில் ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணைக் கலந்து, இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பங்கைக் குழைத்து, தட்டில் பரப்பி வெயிலில் வைத்தால், ஸ்மெக்டைட் மிகுந்த மண் நன்றாகச் சுருங்கி ஆழமாக வெடிக்கும். கயோலினைட் மண் அவ்வளவு சுருங்காது. மற்றப் பங்கில் காய்ந்த சிறு கட்டி ஒன்றை, கிணற்று நீர் வேண்டாம், மழைநீர் ஊற்றிய கிண்ணத்தில் அசைக்காமல் போட வேண்டும். கட்டி நொறுங்கி உதிர்ந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் குறையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போன்ற மேகம் பரவினால் அது சோடியத்தின் அடையாளம். மண் ஆய்வகத்தில் சோடியத்தின் அளவைப் பார்க்காமல் அந்தக் கண்மாயிலிருந்து ஒரு லோடுகூட எடுக்கக் கூடாது.